குரல் பதிவில் எதிரொலி: ஹெட்ஃபோனுக்குள் இரண்டாவது குரல் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது சரணத்தைத் தொடங்கும்போது அக்கா ஹெட்ஃபோனின் இடப்பக்கத்தைக் காதிலிருந்து சற்றே விலக்கி, அங்கேயே கையால் பிடித்துக்கொண்டு பாடினார். பாடுகிறவர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பதால் முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பதிவைத் திரும்பக் கேட்டபோது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியிருப்பதும், விலக்கிய ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த மெட்ரோனோம் ஒலி மைக்கில் விழுந்திருப்பதும் தெரிந்தன. தாளம் தவறாமல் பாடக்கூடியவர் அவர். என்ன சிரமம் என்று கேட்டேன். "தம்பி, நான் பாடுறதையே யாரோ எனக்குப் பின்னாடி நின்னு திரும்பப் பாடுற மாதிரி கேட்குதுப்பா. அதைக் கேட்டுக்கிட்டே எப்படிப் பாடுறது?" என்றார்.

அன்று அந்த எதிரொலியைக் கண்டுபிடித்து நீக்க எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காரணம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியிருந்த வேலையோ பத்து நிமிடம்தான். அந்த மூன்று மணி நேரமும் தவறான இடத்தில் தேடியதால் வீணானது. ஆகவே எந்த வரிசையில் தேடியிருக்க வேண்டும் என்பதையே இங்கு முதன்மையாக எழுத விரும்புகிறேன்.

என்னிடம் இருந்த அமைப்பு எளிமையானது. இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஒரு யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன், கணினியில் ரீப்பர் மென்பொருள். சாம்பிள் ரேட் 48,000, அதாவது ஒரு நொடி ஒலிக்கு அத்தனை சாம்பிள் அளவீடுகள். பஃபர் 512 சாம்பிள். பாட்டின் இசை ஏற்கெனவே ஏறத்தாழ முடிந்திருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட டிராக்குகளும் அவற்றில் ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்களான ப்ளக்-இன்கள் பலவும் அதே ப்ராஜெக்டில் இருந்தன. அதிலேயே ஒரு புதிய டிராக்கைத் திறந்து குரலைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தேன்.

எதிரொலி என்றதும் என் கை முதலில் போனது இன்டர்ஃபேஸின் முன்புறத்தில் உள்ள டைரக்ட் மானிட்டரிங் குமிழுக்குத்தான். அந்தக் குமிழின் ஒரு முனையில் மைக் ஒலி மட்டும் கேட்கும். மறுமுனையில் கணினியிலிருந்து வரும் ஒலி மட்டும் கேட்கும். நடுவில் வைத்தால் இரண்டும் கலந்து கேட்கும். அது நடுவில் இருந்தது. ரீப்பரில் குரல் டிராக்கின் மானிட்டர் பொத்தானும் இயக்கத்தில் இருந்தது. அப்படியானால் அக்காவின் குரல் மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸ் வழியாக நேராக ஒரு முறையும், கணினிக்குள் போய்த் திரும்பி வந்து இன்னொரு முறையும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. இதுவே குற்றவாளி என்று எண்ணி, குமிழைக் கணினியின் பக்கம் முழுவதும் திருப்பி, நேர்வழியை அடைத்துவிட்டு, மீண்டும் பாடச் சொன்னேன். இரண்டு வரிகள் பாடியதும் அக்கா தலையை அசைத்தார். எதிரொலி அப்படியே இருந்தது.

அப்போது எனக்கு இது புரியாமல் போனது. பாடுகிறவர் தம் குரலை ஹெட்ஃபோன் வழியாக மட்டும் கேட்பதில்லை. தாடை எலும்பும் மண்டை ஓடும் அந்த அதிர்வை எந்தத் தாமதமும் இல்லாமல் உட்காதுக்குக் கொண்டுசேர்க்கின்றன. அந்த முதல் குரலை நாம் அடைக்கவே முடியாது. ஆகவே ஹெட்ஃபோனில் ஒரே ஒரு குரல்தான் கேட்கிறது என்றாலும் பாடகருக்கு அது இரண்டாவது குரல். அது போதிய அளவு தாமதித்து வந்தால் நேர்வழியை அடைத்தாலும் எதிரொலியாகவே கேட்கும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து வேறொருவர் குரலைக் கேட்கும் நமக்கு அது தெரியாது. பாடுகிறவர் "கேட்கிறது" என்று சொல்லும்போது, நமக்குக் கேட்கவில்லையே என்று ஐயப்படக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அடுத்து பஃபரைக் குறைத்தேன். எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை அதுதான். அது தவறான அறிவுரையும் அல்ல. ஒலி கணினிக்குள் ஒவ்வொரு சாம்பிளாக உடனுக்குடன் போவதில்லை. பஃபரில் குறித்த எண்ணிக்கை நிரம்பும்வரை காத்திருந்து, மொத்தமாகவே உள்ளே போகிறது. வெளியே வரும்போதும் அப்படியே. 512 சாம்பிளை 48,000-ஆல் வகுத்தால் 10.7 மில்லிநொடி. உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று 21 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. இதோடு ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சில்லுகளின் தாமதமும், இன்டர்ஃபேஸைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் தன் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும் சிறு இடைவெளியும் சேரும். ரீப்பரில் இந்தக் கணக்கைத் திரையின் மேல் வலது மூலையிலேயே பார்க்கலாம். என் கணினியில் 512-இல் இப்படி இருந்தது:

```
48kHz 24bit WAV : 2/2ch 512spls ~12.4/13.6ms ASIO
```

அதாவது உள்ளே 12.4, வெளியே 13.6, மொத்தம் 26 மில்லிநொடி. அந்த எழுத்துகளின் மேலேயே சொடுக்கினால் ஆடியோ சாதன அமைப்பு திறக்கும். அங்கே `Request block size` என்ற இடத்தில் 64 என்று மாற்றினேன். மேலே எண்கள் 3.1/4.3 ஆயின. மொத்தம் 7.4 மில்லிநொடி. இனி எதிரொலிக்கு இடமே இல்லை என்று நம்பி மறுபடியும் பாடச் சொன்னேன். எதிரொலி போகவில்லை; "கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றார் அக்கா. அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. முப்பது டிராக்குகளின் வேலையை 1.3 மில்லிநொடிக்கு ஒரு முறை முடித்தாக வேண்டிய நிலையில் கணினி திணறி, இசையில் சடசடவென்ற வெடிப்புகள் கேட்கத் தொடங்கின. இந்த வெடிப்புகள் கேட்கும்போது மட்டும் வந்துபோகிறவை என்று யாரும் விட்டுவிடக் கூடாது. டிரைவர் தரவைத் தவறவிடும் கணத்தில் மைக்கிலிருந்து வரும் ஒலியிலும் துளை விழலாம். அது பதிவுக்குள் போய்விட்டால் பிறகு சரிசெய்வது கடினம்.

அக்காவைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, ஊகிப்பதை நிறுத்தி, தாமதத்தை அளந்து பார்க்க முடிவு செய்தேன். அன்று நான் செய்தவற்றுள் பயன் தந்த முதல் செயல் அதுதான். அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. டைரக்ட் மானிட்டரிங் குமிழை மறுபடி நடுவில் வைத்தேன். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதன் மைக் உள்ள முனையை ஹெட்ஃபோன் குழிக்குள் வைத்து அழுத்தி மூடினேன். இசையை ஓடவிடாமல், பதிவு மைக்கின் கம்பிவலையை விரல் நகத்தால் ஒரே ஒரு முறை மெல்லத் தட்டினேன். அந்தக் கைப்பேசிப் பதிவை ரீப்பருக்குள் கொண்டுவந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒரு தட்டுக்கு இரண்டு கூர்முனைகள் தெளிவாகத் தெரிந்தன. முதல் முனை இன்டர்ஃபேஸின் நேர்வழியில் வந்தது. அடுத்தது கணினியைச் சுற்றி வந்தது. இரண்டுக்கும் இடையே சுட்டியை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அந்த இடைவெளி எவ்வளவு என்று மென்பொருளே காட்டும். அது 0.071 நொடி, அதாவது 71 மில்லிநொடி.

டிரைவர் சொன்னது 7.4. காதுக்கு வந்து சேர்ந்தது 71. இடையில் ஏறத்தாழ 64 மில்லிநொடி எங்கோ ஒளிந்திருக்கிறது. பஃபரை 512-இலிருந்து 64-க்குக் குறைத்தபோது எதிரொலி போகாமல் "கிட்ட வந்தது" ஏன் என்பதும் அப்போதே புரிந்தது. முன்பு 90 மில்லிநொடியாக இருந்தது 71 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்தும் எதிரொலியாகவே இருக்கிறது. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் தொட முடியாத வேறொன்றுதான் காரணம்.

48,000 சாம்பிள் விகிதத்தில் 64 மில்லிநொடி என்பது 3072 சாம்பிள். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேடியபோது ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. ரீப்பரில் எந்த டிராக்கின் ப்ளக்-இன் சாளரத்தைத் திறந்தாலும், அதன் அடியில் அந்த ப்ளக்-இன் எவ்வளவு தாமதத்தைச் சேர்க்கிறது என்று சாம்பிள் கணக்கில் எழுதியிருக்கும். குரல் டிராக்கில் ஒன்றும் இல்லை. எல்லா டிராக்குகளும் கலந்து வெளியேறும் மாஸ்டர் டிராக்கைத் திறந்தால் அங்கே `3072/3072 spls` என்று இருந்தது. இசையமைப்பு எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காகச் சில நாள்களுக்கு முன் மாஸ்டரில் ஒரு லீனியர் ஃபேஸ் ஈக்வலைசரைப் போட்டிருந்தேன். அவ்வகை ஈக்வலைசர், ஒலியின் எல்லா அலைவரிசைகளையும் ஒன்றுபோல நகர்த்துவதற்காக, வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். முன்கூட்டிப் பார்ப்பதற்கு ஒரே வழி வந்த ஒலியைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதுதான். மாஸ்டரில் போடும் லிமிட்டர்கள் பலவும் இதே வழியில், குறைந்த அளவில், தாமதத்தைச் சேர்க்கின்றன.

இசை மட்டும் ஓடும்போது இந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. எல்லா டிராக்குகளும் ஒன்றாகவே தாமதிக்கின்றன. மென்பொருளும் அவற்றை ஒழுங்குபடுத்திவிடுகிறது. ஆனால் இப்போது வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும் குரலை எந்த மென்பொருளாலும் முன்னே நகர்த்த முடியாது. அந்தக் குரலும் மாஸ்டர் வழியாகத்தான் ஹெட்ஃபோனுக்கு வருகிறது. ஆகவே அங்கு நிறுத்திவைக்கும் 64 மில்லிநொடியை அதுவும் சுமந்துகொண்டு வருகிறது. குரல் டிராக்கில் ஒரு ப்ளக்-இன்கூட இல்லையே என்று நான் நிம்மதியாக இருந்தது பிழை. குரல் கடந்துபோகும் வழி முழுவதையும், பல டிராக்குகள் ஒன்றுசேரும் பஸ்ஸையும் மாஸ்டரையும் சேர்த்தே, பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஈக்வலைசரை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றினேன். வெறுமனே பைபாஸ் செய்தால் போதாதா என்று கேட்கலாம். பைபாஸ் செய்த பிறகும் தாமதத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் ப்ளக்-இன்கள் உண்டு. இயக்கி நிறுத்தும்போது ஒலி துள்ளக் கூடாது என்பதற்காக அவை அப்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆஃப்லைன் நிலையில் ப்ளக்-இன் நினைவகத்திலிருந்தே இறங்கிவிடுவதால் ஐயத்துக்கு இடமில்லை. மீண்டும் நகத்தால் தட்டி அளந்தேன். இடைவெளி 7 மில்லிநொடி ஆகியிருந்தது. டிரைவர் சொன்ன எண்ணும் அளந்த எண்ணும் முதன்முறையாக ஒத்துப்போயின. வெடிப்புகள் தொடர்ந்ததால் பஃபரை 256-க்கு உயர்த்தினேன். வெடிப்பு நின்றது, தாமதம் 15.4 மில்லிநொடி. குமிழைக் கணினியின் பக்கம் திருப்பிவிட்டு அக்காவைப் பாடச் சொன்னேன்.

எதிரொலி போயிருந்தது. ஆனால் அவர் முகத்தில் திருப்தி இல்லை. "இப்ப ரெண்டாவது ஆள் இல்லை. ஆனா ஒரு குழாய்க்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கு. பிருகா போடுறப்ப எதுவும் தெளிவாக் கேட்கலை" என்றார்.

இதையும் நான் அலட்சியப்படுத்தியிருப்பேன். முந்தைய மூன்று மணி நேர அனுபவம் தடுத்தது. ஒரே ஒலி சிறு இடைவெளியில் இரண்டு முறை வந்தால், அந்த இடைவெளி ஏறத்தாழ 30 மில்லிநொடிக்குக் குறைவாக இருக்கும்வரை பேச்சையும் பாட்டையும் காது தனித்தனியாகப் பிரிப்பதில்லை, ஒன்றாகவே சேர்த்துக்கொள்கிறது. அப்படிச் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாமதம் 1 மில்லிநொடி என்றால் முதல் பள்ளம் 500 ஹெர்ட்ஸில் விழும். 2 மில்லிநொடி என்றால் 250 ஹெர்ட்ஸில். அதற்கு மேலே சீரான இடைவெளியில் சீப்பின் பற்களைப் போல அடுத்தடுத்த பள்ளங்கள். எலும்பின் வழியாக வரும் குரலும் ஹெட்ஃபோனில் வரும் குரலும் இப்படி மோதுவதைத்தான் அக்கா குழாய் என்றார். வேகமாகச் சுரங்கள் மாறும் இடங்களில் முந்தைய சுரத்தின் வாலும் அடுத்த சுரத்தின் தலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் தெளிவும் போகிறது. கிட்டார் வாசிப்பவருக்கு 15 மில்லிநொடி அவ்வளவாக உறுத்தாமல் போகலாம். ஐந்து மீட்டர் தள்ளி வைத்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஒலி வந்துசேர ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது, அவருக்கு அது பழக்கம்தான். ஆனால் தன் குரல் ஐந்து மீட்டர் தள்ளி இருந்து எந்தப் பாடகருக்கும் பழக்கமில்லை.

ஆகவே கணினியின் வழியை விட்டுவிட்டு நேர்வழிக்குத் திரும்பினேன். ரீப்பரில் குரல் டிராக்கின் மானிட்டர் பொத்தானை நிறுத்தினேன். இன்டர்ஃபேஸின் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அக்காவின் குரல் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே திரும்பி ஹெட்ஃபோனுக்குப் போகிறது. கணினி இசையை மட்டும் தருகிறது. பஃபர் எவ்வளவு என்பது குரலின் தாமதத்துக்கு இனிப் பொருட்டே அல்ல என்பதால் அதைத் துணிந்து 512-க்கு உயர்த்தினேன். அக்கா ஒரு வரி பாடியதும் "இதுதான் என் குரல்" என்றார். அன்று அவர் நிம்மதியோடு சொன்ன முதல் சொற்கள் அவை.

ஆனால் பல்லவி முடியும்போது இன்னொரு குறை வெளிப்பட்டது. நேர்வழியில் வரும் குரலில் ரிவெர்ப் கிடையாது. தன் குரல் ஈரமே இல்லாமல், சுவரில்லாத வெட்டவெளியில் ஒலிப்பது போல இருக்கும்போது, பாடுகிறவர் அந்த வெறுமையை நிரப்பக் குரலை அழுத்துகிறார். நீண்ட சுரங்களை விரைவாக முடித்துவிடுகிறார். அலைவடிவத்திலேயே அது தெரிந்தது. ரிவெர்ப் வேண்டுமென்றால் குரலைக் கணினிக்குள் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் தாமதம் திரும்பி வரும். சில இன்டர்ஃபேஸ்களில் சாதனத்துக்குள்ளேயே ரிவெர்ப் உண்டு, என்னுடையதில் இல்லை.

இதற்குத் தீர்வு, ரிவெர்ப் என்பதே தாமதித்து வரும் ஒலிதான் என்பதை நினைத்துப் பார்த்தபோது கிடைத்தது. ஓர் அறையில் நாம் பாடினாலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சில மில்லிநொடிகள் கழித்துத்தான் காதுக்கு வருகிறது. ரிவெர்ப் ப்ளக்-இன்களில் அந்த இடைவெளியை நாமாகவே வைப்பதற்கென்று ப்ரீ-டிலே என்று ஒரு குமிழே உண்டு. ஆகவே குரலை நேர்வழியிலும், அதன் ரிவெர்ப்பை மட்டும் கணினி வழியிலும் அனுப்பினால், கணினியின் 26 மில்லிநொடித் தாமதம் அந்த ப்ரீ-டிலேயின் இடத்தை எடுத்துக்கொள்ளும். கணினியிலிருந்து ரிவெர்ப் இல்லாத வெறுங்குரல் ஒரு துளியும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே இங்கு நிபந்தனை.

இதற்காக மூன்று டிராக்குகளை அமைத்தேன். முதலாவது, குரல் பதிவாகும் டிராக். அதில் மைக் உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டு, பதிவுப் பொத்தான் இயக்கத்தில் இருக்கும், மானிட்டர் நிறுத்தப்பட்டிருக்கும். இரண்டாவது டிராக்கிலும் அதே மைக் உள்ளீடுதான்; பதிவுப் பொத்தானும் மானிட்டரும் இயக்கத்தில் இருக்கும். ஆனால் அதன் பதிவு முறையை `Record: disable` என்று வைத்தேன். அதனால் அது எதையும் பதிவு செய்யாமல் ஒலியைக் கடத்த மட்டும் செய்யும். இந்த இரண்டாவது டிராக்கின் ரூட்டிங் சாளரத்தைத் திறந்து `Master send` என்ற குறியை எடுத்துவிட்டேன். அதனால் அதன் வெறுங்குரல் மாஸ்டருக்குப் போகாது. அங்கிருந்து மூன்றாவது டிராக்குக்கு ஒலியின் நகலை அனுப்பும் ஒரு செண்டு மட்டும் போட்டேன். மூன்றாவது டிராக்கில் ரிவெர்ப் ப்ளக்-இன். அதில் வெறுங்குரலின் அளவான ட்ரை முழுவதும் கீழே, ரிவெர்ப்பின் அளவான வெட் மட்டும் மேலே, ப்ரீ-டிலே சுழியம். முதல் டிராக்கிலிருந்தும் மூன்றாவதற்கு ஒரு செண்டு போட்டுவைத்தேன். பதிவானதைத் திரும்பக் கேட்கும்போதும் அதே ரிவெர்ப்புடன் கேட்க வேண்டும் என்பதற்காக.

அமைத்தவுடன் அக்காவை அழைக்காமல், நகத் தட்டலால் முதலில் நானே சோதித்தேன். குமிழைக் கணினியின் பக்கம் முழுவதும் திருப்பி நேர்வழியை அடைத்துவிட்டுத் தட்டினால், ஹெட்ஃபோனில் தட்டின் கூர்மையான ஒலி கேட்கவே கூடாது. அதன் பின்னால் வரும் மங்கலான பரவல் மட்டும் கேட்க வேண்டும். முதல் முறை கூர்மையும் கேட்டது. ரிவெர்ப்பில் ட்ரை முழுவதும் கீழே இறங்காமல் சிறிது மேலே நின்றிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு பரவல் மட்டுமே வந்தது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராகப் பாட வைத்திருந்தால் மெல்லிய எதிரொலி ஒன்று மீண்டும் முளைத்திருக்கும். நான் மீண்டும் பஃபரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

அக்கா இரு காதுகளிலும் ஹெட்ஃபோனை முழுவதும் வைத்துக்கொண்டு பல்லவியிலிருந்து பாடினார். இரண்டாவது சரணத்தில் கை மேலே போகவில்லை. வரி முடிவுகள் தாளத்தில் வந்து அமர்ந்தன. மெட்ரோனோம் கசிவும் போய்விட்டது. காதை விட்டு விலகாத ஹெட்ஃபோனிலிருந்து ஒலி எப்படிக் கசியும்?

அதற்குப் பிறகும் ஒரே ஓர் இடத்தில் "மறுபடியும் ரெண்டு குரல் கேட்குது" என்றார். இந்த முறை உண்மையிலேயே இரண்டு குரல்கள் இருந்தன. ஒரு வரியை மட்டும் திருத்திப் பதிவு செய்வதற்காக அதற்கு நான்கு வரி முன்னாலிருந்து ஓடவிட்டிருந்தேன். திருத்தம் தொடங்கும் இடம் வரும்வரை பழைய பதிவு கேட்கும். அக்காவோ ஓட்டம் வருவதற்காக அந்த நான்கு வரிகளையும் கூடவே பாடினார். நேர்வழி எப்போதும் திறந்தே இருப்பதால் அவருடைய இப்போதைய குரலும் கேட்டது. டேப் இயந்திரத்தின் பாணியில் தானாக மாறும் மானிட்டர் முறை பல மென்பொருள்களில் உண்டு. ஆனால் அது மென்பொருளின் வழியை மட்டுமே திறந்து மூடும், இன்டர்ஃபேஸின் நேர்வழியைத் தொடாது. ஆகவே பழைய பதிவின் அந்த நான்கு வரிகளை மௌனமாக்கிவிட்டு எடுத்தோம்.

பதிவு முடிந்த பிறகு எனக்குள் ஓர் ஐயம் மிஞ்சியிருந்தது. கேட்கும் வழியில் தாமதம் இல்லை. ஆனால் பதிவான குரல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா? இசை கணினியிலிருந்து வெளியே வர நேரமாகிறது. அதைக் கேட்டுப் பாடிய குரல் உள்ளே போகவும் நேரமாகிறது. இந்த இரண்டையும் கூட்டி, மென்பொருள் குரலை அவ்வளவு முன்னே நகர்த்தி வைக்கிறது. டிரைவர் தன் தாமதத்தைச் சரியாகச் சொன்னால்தான் அந்தக் கணக்கும் சரியாக வரும். இதைச் சோதிக்க, இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து அதன் லைன் உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைச் செருகி, ஒரு டிராக்கில் உள்ள மெட்ரோனோம் தட்டுகளை ஓடவிட்டு, அவற்றை இன்னொரு டிராக்கில் பதிவு செய்தேன். கேபிளைச் செருகும் முன் டைரக்ட் மானிட்டரிங்கையும், பதிவாகும் டிராக்கின் மானிட்டரையும் கட்டாயம் நிறுத்த வேண்டும். இல்லையெனில் வெளியே போன ஒலி உள்ளே வந்து மறுபடி வெளியே போய் அலறத் தொடங்கும். ஹெட்ஃபோனையும் காதில் வைத்திருக்கக் கூடாது.

பதிவான தட்டுகள் மூலத் தட்டுகளைவிட 96 சாம்பிள், அதாவது 2 மில்லிநொடி, தாமதமாக விழுந்திருந்தன. தனிக்குரலில் அது யாருக்கும் தெரியாது. ஆனால் நேர்வழியில் கேட்டுப் பாடிய எல்லாப் பதிவுகளும் ஒரே அளவு பின்தங்கியே விழும் என்பதால் அதைத் திருத்திவிட விரும்பினேன். ரீப்பரின் பதிவு அமைப்பில் `Use audio driver reported latency` என்பதை அப்படியே விட்டுவிட்டு, அதன் அருகே உள்ள `Input manual offset` என்ற இடத்தில் 96 சாம்பிள் என்று இட்டு, சோதனையை மீண்டும் ஓட்டினேன். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. பொருந்தாமல் இடைவெளி இருமடங்காகியிருந்தால் குறியை மாற்றி எதிர்ம எண்ணாக இட வேண்டும். பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் இந்தச் சோதனையை ஒரு முறை திரும்பச் செய்வது நல்லது.

எல்லோருக்கும் நேர்வழி கிடைக்காது. யூ.எஸ்.பி. மைக் வைத்திருப்பவர்கள் அதிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் பெரும்பாலும் அதுவே நேர்வழி. இல்லாவிட்டால் கணினியின் வழிதான். அப்போது முழு ப்ராஜெக்டையும் திறந்து வைத்துக்கொண்டு பஃபரைக் குறைக்கப் போராடாமல், இசை முழுவதையும் ஒரே ஸ்டீரியோ கோப்பாக மாற்றி, ஒரு புதிய வெற்று ப்ராஜெக்டில் இட்டு, அங்கே 64 சாம்பிளில் குரலை மட்டும் எடுக்கலாம். வேலை எதுவும் இல்லாத கணினி அந்தப் பஃபரை எளிதாகத் தாங்கும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் அசல் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்பதையும், ஒலி அமைப்பில் மைக்கின் பண்புகளுக்குள் இருக்கும் `Listen to this device` என்ற குறி தவறுதலாக இடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பின்னது இருந்தால் நாம் எங்கு தேடினாலும் அகப்படாத மூன்றாவது பாதை ஒன்று திறந்தே இருக்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் குரல் பதிவுக்கு வழியே இல்லை. அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் நீக்க முடியாது.

இப்போது அந்த மூன்று டிராக்குகளையும் டிராக் டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்திருக்கிறேன். பாடுகிறவர் வருவதற்கு முன் அதைத் திறந்து, மாஸ்டரில் ஏதேனும் ப்ளக்-இன் சாம்பிள் எண்ணிக்கையைக் காட்டுகிறதா என்று பார்த்து, இருந்தால் ஆஃப்லைனாக்கி, மைக்கை நகத்தால் ஒரு முறை தட்டிக் கேட்கிறேன். ஒரே தட்டு, அதன் பின்னால் ரிவெர்ப்பின் வால். அது மட்டும் கேட்டால் ஹெட்ஃபோனைப் பாடகரிடம் கொடுக்கிறேன்.